நான் அழுதா அவர் விறைச்சுப் போயிடறார்: இது அலட்சியமா, வேற ஏதாவதா?

ஈரமண்

கல்யாணம் ஆகி அஞ்சு வருஷம். ஈரோட்டுல இருக்கோம். யார்கிட்டயும் சொல்ல முடியாததை இங்க எழுதறேன்.

போன மாசம் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தம்பி போன் பண்ணி அப்பாவோட பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு, உணவுக்குழாய்ல கேன்சர்னு சொன்னான். போனை வெச்சதும் சமையலறைத் தரையிலயே உக்காந்து அழுதேன். சத்தம் கேட்டு இவர் வந்தார். பிரிட்ஜ்ல வைக்க எடுத்த பால் செம்பு கையில இருந்துச்சு. அதைக் கீழ வைக்கல. கதவுகிட்ட நின்னுட்டு என்னைப் பாக்காம அடுப்பையே பாத்தார். "ஏதாவது சொல்லுங்க"ன்னேன். "சரியாயிடும், நாளைக்கு டாக்டர்கிட்ட கேப்போம்"னு, பேங்க்ல பேசற மாதிரி ஒரு குரல்ல சொன்னார். நான் கையை நீட்டினேன். ஒரு அடி பின்னாடி போனார். அப்புறம் பால்கனிக்குப் போய் கொடியில காஞ்ச துணியை எல்லாம் எடுத்து மடிச்சுட்டு இருந்தார்.

மறுநாள் காலைல நான் எழறதுக்குள்ள என் தம்பி அக்கவுண்டுக்கு நாப்பதாயிரம் போட்டுட்டார். ரெண்டு நாள் லீவு சொல்லிட்டார். அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனது, பைலை வரிசையா அடுக்கினது எல்லாம் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. ஆனா அந்த ஒரு அடி பின்னாடி போனது என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது. முன்னாடி குழந்தை கலைஞ்சப்பவும் இப்படித்தான் நின்னார். ஒருத்தர் அழும்போது ஏன் இப்படி?

தெற்குவாசல்

தங்கச்சி, ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான்மா. "ஆம்பளப் புள்ள அழலாமா"ன்னு அடிச்சு அடிச்சு வளத்திருக்காங்க. எங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா அதைச் சரி பண்ணத்தான் தெரியும். உங்க அழுகையை அவரால சரி பண்ண முடியல, அதான் துணியை மடிச்சார். நாப்பதாயிரம் போட்டாரே, அதுதான் அவர் அழுகைன்னு எடுத்துக்கோங்க. பெருசா யோசிக்காதீங்க.

சுந்தரி72

யோசிக்காம எப்படி இருக்கறது? எங்க வீட்டுக்காரரும் முதல்ல இப்படி முகத்தைத் திருப்பிட்டுத்தான் ஆரம்பிச்சார். நான் அழுதா அன்னையிலேர்ந்து பேச்சே கிடையாது. ஒரு தடவை பதினோரு நாள். சாப்பாடு போட்டா தட்டைத் தள்ளி வெச்சுட்டு வெளியில போய் சாப்பிட்டு வருவார். நான்தான் கடைசில மன்னிப்பு கேப்பேன், எதுக்குன்னே தெரியாம. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நீங்க இப்பவே உங்க அம்மாகிட்ட சொல்லி வைங்க. பிரியம் இருந்தா கையைத் தட்டி விட மாட்டாங்க.

கடைசிபெஞ்ச்

நான் அந்தப் பால் செம்பைப் பிடிச்சுட்டு நிக்கற ஆள். அதனால எழுதறேன்.

என் மனைவி அழ ஆரம்பிச்சா முதல்ல காதுக்குள்ள ஒரு இரைச்சல் வரும். அவ பேசறது கேக்கும், ஆனா தூரத்துல கேக்கற மாதிரி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். உள்ளங்கை ஜில்லுன்னு ஆயிடும். கையும் ஓடாது, காலும் ஓடாதுன்னு சொல்வாங்களே, எனக்கு அது அப்படியே நடக்கும். மனசுல "போய்ப் பக்கத்துல உக்காரு"ன்னு ஓடிட்டே இருக்கும். உடம்பு கேக்காது. பாத்திரம் எதாவது கிடந்தா கழுவப் போயிடுவேன். தண்ணி சத்தத்துல கொஞ்சம் மூச்சு வரும்.

சின்ன வயசுல எங்கம்மா அழுதா பின்னாடியே அப்பாவோட கை வரும். பக்கத்துல யார் போய் நின்னாலும் அவங்களுக்கும் விழும். நானும் அக்காவும் அரிசி மூட்டைக்குப் பின்னாடி அசையாம உக்காந்திருப்போம். இன்னைக்கு நாப்பத்தி மூணு வயசு. அப்பா செத்து பத்து வருஷம் ஆச்சு. அழுகைச் சத்தம் கேட்டா உடம்பு இன்னும் அந்த மூட்டைக்குப் பின்னாடிதான் போகுது.

என் மனைவி இதை "கல்லு"ன்னு சொல்வா. உள்ள கல்லு இல்லைன்னு அவளுக்கு எப்படிக் காட்டறதுன்னு எனக்குத் தெரியல.

ஆலமரம்

திருச்சியில குடும்ப ஆலோசனை கொடுத்துட்டு இருக்கேன், இருபது வருஷமா. கடைசிபெஞ்ச் எழுதினதுதான் விஷயத்தோட நடு. அதைக் காட்ட முடியாதுன்னு சொல்றார். ஆனா அளந்து காட்டியிருக்காங்க.

அமெரிக்காவுல ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு உளவியல்காரங்க புருஷன் பெண்டாட்டியை எதிரெதிரா உக்கார வெச்சு, உடம்புல ஒயர் மாட்டி, தங்களுக்குள்ள இருக்கற சண்டையைப் பேசச் சொன்னாங்க. வருஷக்கணக்கா பல ஜோடிகளைப் பாத்தாங்க. சிலர் பேச்சு சூடானதும் முகத்தைக் கல்லாக்கிக்கிட்டு, வேற பக்கம் பாத்துட்டு உக்காந்துடுவாங்க. பாக்கறவங்களுக்கு இவருக்கு எதுவும் உறைக்கலைன்னு தோணும். ஒயர் காட்டினது வேற. பல பேருக்கு நாடி நிமிஷத்துக்கு நூறைத் தாண்டி ஓடிட்டு இருந்துச்சு. நாற்காலில சும்மா உக்காந்திருக்கற மனுஷனுக்கு அது மாடிப்படி ஏறி வந்த கணக்கு. அந்த நிலையில எதிர்ல இருக்கறவங்க சொல்றது காதுல விழும், மண்டையில ஏறாது. பதிலுக்கு வார்த்தை தேடினா கிடைக்காது.

ஒரு தடவை பேச்சை நடுவுல நிறுத்தி, மெஷின்ல கோளாறு, கொஞ்ச நேரம் பத்திரிகை படிச்சுட்டு இருங்கன்னு சொல்லிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு திரும்பப் பேச வெச்சா அதே ஆளுங்க, அதே விஷயம், பேச்சு நிதானமா போகுது. நாடி இறங்கிடுச்சு, அவ்வளவுதான் மாறினது. இறங்க குறைஞ்சது இருபது நிமிஷமாவது வேணும்.

இது சில பேருக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். ஒரு வயசுக் குழந்தையை அம்மா ஒரு அறையில விட்டுட்டு சில நிமிஷம் வெளியில போயிட்டுத் திரும்பி வர்ற ஒரு சோதனை இருக்கு. மேரி அயின்ஸ்வொர்த் ஆரம்பிச்சது. சில குழந்தைங்க அம்மா போனாலும் அழாது, வந்தாலும் திரும்பிப் பாக்காது, பொம்மையை உருட்டிட்டே இருக்கும். "என்ன சமத்து"ன்னு நாம சொல்வோம். 1993ல ஜெர்மனியில ஸ்பாங்லர், கிராஸ்மன்னு ரெண்டு பேர் அந்தச் சமத்துக் குழந்தைகளையும் அளந்து பாத்தாங்க. இதயம் மத்த குழந்தைகளுக்கு மாதிரியே வேகமா அடிச்சுது. எச்சில்ல மன அழுத்த ஹார்மோன் ஏறியிருந்துச்சு. அழுதா யாரும் வரமாட்டாங்க, இல்லை எரிஞ்சு விழுவாங்கன்னு அது கத்துக்கிட்டதால முகத்தை மட்டும் மூடி வெச்சிருக்கு. அதே ஆள் வளந்து இன்னொருத்தர் அழுகைக்கு முன்னாடி நின்னா, தன் அழுகையை என்ன செஞ்சானோ அதையே இதுக்கும் செய்யலாம்.

சுந்தரியம்மா, நீங்க சொல்றது வெளியில இது மாதிரி தெரிஞ்சாலும் வேற. உறைஞ்சு போற ஆள் அலை அடங்கினதும் திரும்பி வருவார். குற்ற உணர்ச்சியோட சுத்திச் சுத்தி வருவார், ஏதாவது வேலை செய்வார். பதினோரு நாள் தட்டைத் தள்ளி வெச்சு, நீங்க மன்னிப்பு கேட்டதும் பேச்சு திரும்ப வருதுன்னா அது நாடி ஏறினதால இல்லை. அது தண்டனை. நான் சொன்ன எதையும் அதுக்குப் பொருத்தாதீங்க.

தெற்குவாசல்

நான் அதைத்தானே சொன்னேன் மேடம். காட்மன் ஆராய்ச்சியிலயே அப்படி மூடிக்கிட்டு உக்காந்தவங்கள்ல 85 சதவீதம் ஆம்பளைங்கன்னு நானும் படிச்சிருக்கேன்.

பனங்கூடல்

நான் பொம்பிளை. யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ரை மனுசன் அழுதா நான்தான் மரம் மாதிரி நிக்கிறனான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட நேரம் எனக்கு எட்டு வயது. மழை. செம்மணியாலை நாவற்குழிப் பாலத்துக்குப் போற றோட்டு முழுக்கச் சனம். கால் வைக்க இடமில்லை. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில வைச்சு அப்பா உருட்டிக்கொண்டு வந்தவர். நான் அழத் தொடங்க அம்மா வாயைப் பொத்தி "அழாதை, நட" எண்டு மட்டும் சொன்னவ. அதுக்குப் பிறகு கன வருசம் வீட்டில ஆரும் அழுது நான் காணேல்லை. அழுறதுக்கு நேரம் இருக்கேல்லை.

போன வருசம் இவற்றை தாய் செத்தவ. இவர் என்ரை மடியில தலையை வைச்சு அழுதார். நான் கையை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் சீலைக் கரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். பிறகு எழும்பிப் போய் வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி போட்டனான். இவர் இண்டைக்கும் அதைச் சொல்லிக் காட்டேல்லை. ஆனா பிறகு எனக்கு முன்னால அவர் அழுததும் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஆலமரம்

தெற்குவாசல், அந்த 85 சரிதான். ஆனா அது சண்டைப் பேச்சுல மூடிக்கிட்டவங்க கணக்கு. மனைவி அப்பாவுக்காக அழறப்போ பக்கத்துல நிக்கறது சண்டை இல்லை. அதையே இங்க வெச்சு "ஆம்பளை அப்படித்தான்"னு முடிச்சா, பனங்கூடலை எங்க வெப்பீங்க? வளர்ப்புல பங்கு இருக்குன்னு நீங்க சொன்னது உண்மை. எல்லாரும் அப்படின்னதுதான் தப்பு.

பனங்கூடல், அவர் உங்களுக்கு முன்னால அழறதை விட்டதைக் கவனிச்சீங்களே, அதை அவர்கிட்டயே சொல்லுங்க. நீங்க இங்க எழுதின அந்த றோட்டை அவருக்கு எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?

பனங்கூடல்

இல்லை. அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

ஈரமண்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கடைசிபெஞ்ச் அண்ணா, உங்க பதிவைப் படிச்சு அழுதேன். இவர் ஏழு வயசுலயே ஹாஸ்டல்ல சேர்ந்தவர். ராத்திரி அழுத பையனை வார்டன் வராந்தாவுல நிக்க வைப்பாராம். ஒரே ஒரு தடவை, யாருக்கோ நடந்த கதை மாதிரி சொல்லியிருக்கார்.

ஒண்ணு மட்டும் புரியல மேடம். நான் அவர் மேல கோபப்பட்டு அழல. அவரைக் குத்தம் சொல்லல. அப்புறம் ஏன் அவருக்கு நாடி ஏறணும்? நான் எவ்வளவுக்கு அதிகமா அழறேனோ அவ்வளவுக்கு தூரம் போறார். கொஞ்சமா கண்ணு கலங்கினா டீ போட்டுக் குடுக்கறார், தேம்பி அழுதா பால்கனிக்குப் போயிடறார்.

ஆலமரம்

நீங்க கவனிச்சது அப்படியே ஒரு ஆராய்ச்சியில வந்திருக்கு. 1992ல சிம்ப்சன், ரோல்ஸ், நெல்லிகன்னு மூணு பேர் செஞ்சது. 83 காதல் ஜோடிகள். அந்தப் பொண்ணுங்ககிட்ட, பெரும்பாலான பேரைப் பதற வைக்கற ஒரு சோதனை உங்களுக்குக் காத்திருக்குன்னு சொல்லி, மெஷின் வெச்ச ஒரு இருட்டறையைக் காட்டிட்டு, "தயாராக அஞ்சு நிமிஷம் ஆகும்"னு காதலனோட உக்கார வெச்சாங்க. அந்த அஞ்சு நிமிஷத்தை ரகசியமா வீடியோ எடுத்தாங்க. நெருக்கத்துல பயமில்லாத பசங்க, அவ எவ்வளவு பயந்தாளோ அவ்வளவு ஆறுதல் கொடுத்தாங்க. நெருக்கத்தைத் தவிர்க்கற பசங்க நேர்மாறு. அவ பயம் குறைவா இருந்தப்போ நல்லாவே ஆறுதலா இருந்தாங்க. பயம் ஏற ஏற இவங்க சுருங்கினாங்க.

அதனால அவருக்குப் பிரியம் இல்லைன்னு இல்லை. டீ வர்ற அளவுக்கு உங்க துக்கத்தை அவர் உடம்பு தாங்குது. அதுக்கு மேல போனா, உங்க வலியைப் பாக்கறதை விட்டு தனக்குள்ள எழுந்த பதற்றத்தை அடக்கறதுதான் வேலையாயிடுது. தண்ணியில தத்தளிக்கறவனால இன்னொருத்தனைத் தூக்க முடியாது. கோபம் உங்ககிட்ட இருக்கணும்னு அவசியமே இல்லை. அழுகை போதும்.

அழும்போது "ஏதாவது சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. அந்த நேரத்துல அவர்கிட்ட இல்லாதது வார்த்தைதான், நாம அதையே கேக்கறோம். அழாத ஒரு நாள்ல, முகத்துக்கு நேரா உக்கார வெக்காம, வண்டியிலயோ நடக்கும்போதோ பேச்சை எடுங்க. "நீங்க ஏன் அப்படிப் பண்றீங்க"ன்னு வேண்டாம். "அப்போ உங்களுக்கு உடம்புல என்ன ஆகுது?"ன்னு கேளுங்க. அப்புறம் அவரால செய்ய முடிஞ்ச ஒரே ஒரு வேலை கொடுங்க. சின்னதா, வார்த்தை தேவைப்படாததா. பக்கத்துல உக்காந்து கையைக் கொடுக்கறது போதும்.

கைன்னு சும்மா சொல்லல. 2006ல ஜேம்ஸ் கோன் ஒரு சோதனை செஞ்சார். 16 கல்யாணமான பொண்ணுங்களை எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வெச்சு, கணுக்கால்ல சின்னதா ஷாக் வரப்போகுதுன்னு பயமுறுத்தினார். புருஷன் கையைப் பிடிச்சிருந்தப்போ மூளையில பயத்துக்கான ஓட்டம் குறைஞ்சுது. முன்பின் தெரியாதவர் கையாலயும் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா புருஷன் கை அளவுக்கு இல்லை. யாரும் ஒரு வார்த்தை பேசல. ஆனா இதையும் சொல்லணும்: வாழ்க்கை நல்லா இருக்கற ஜோடிக்குத்தான் அந்தப் பலன் கூடுதலா இருந்துச்சு. கை மந்திரம் இல்லை.

அவரால முடியலைன்னா எழுந்து போகலாம், ஆனா "இருபது நிமிஷத்துல வரேன்"னு சொல்லிட்டுப் போகணும், வரணும். சொல்லாம போறதுதான் உங்களைக் கொல்லுது.

மஞ்சள்வெயில்

எனக்கு இது பொறுக்கவே இல்லை. அவ அப்பாவுக்கு கேன்சர். அழவேண்டியவ அவ. அந்த அழுகைக்கும் அவளே பாடம் எடுத்து, அவர் நாடி ஏறாம பாத்து, நேரம் காலம் குறிச்சு வேலை கொடுக்கணுமா? வீட்டுல எல்லா வேலையும் பொம்பளை தலையில, கடைசில புருஷனுக்கு ஆறுதல் சொல்லக் கத்துக் குடுக்கறதும் அவ தலையிலயா? அவரை ஆலோசனைக்குப் போகச் சொல்லுங்க மேடம்.

ஆலமரம்

போகணும். அவர் போனா நல்லது. நீங்க சொல்ற அநியாயம் அநியாயம்தான், அதை நான் மறுக்கல. என் அறைக்கு வர்றவங்கள்ல முதல்ல கதவைத் தட்டறது யாருக்கு வலிக்குதோ அவங்கதான். அதனால அவங்ககிட்டதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கு. பாரம் அங்கயே நின்னுடக் கூடாது.

வாசுகி_மதுரை

என் பையனுக்கு ஆட்டிசம். இருபத்துநாலு வயசு. நான் அழுதா காதைப் பொத்திட்டு அறைக்குள்ள போயிடறான். அவனுக்கும் சின்ன வயசுல நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா?

ஆலமரம்

இல்லைம்மா. வெளியில ஒரே மாதிரி தெரியும், காரணம் வேற. அவனுக்கு சத்தம், முக மாற்றம் எல்லாம் ஒரேயடியா வந்து மோதறது தாங்காம இருக்கலாம். உங்க வளர்ப்பால வந்தது இல்லை. நான் மேல எழுதினது அவனைப் பத்தி இல்லை, மனசுல போட்டுக்காதீங்க.

ஈரமண்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன்.

பவானி ரோட்டுல வண்டியில போறப்போ கேட்டேன். பின்னாடி உக்காந்துட்டு, முகம் தெரியாம. "அன்னைக்கு சமையலறையில உங்களுக்கு உடம்புல என்னங்க ஆச்சு?" ரொம்ப நேரம் பதில் இல்லை. சிக்னல்ல நின்னப்போ சொன்னார்: "மூச்சு விட முடியல. நான் ஏதாவது பண்ணா நீ இன்னும் அழுவேன்னு தோணுச்சு. பண்ணலைன்னாலும் அழுவே. பால் கொட்டிடக் கூடாதுன்னு மட்டும் நெனச்சேன்." இந்த அஞ்சு வருஷத்துல அவர் தன்னைப் பத்திப் பேசினதுல இதுதான் நீளம்.

பக்கத்துல உக்காரணும், கை கொடுக்கணும், எதுவும் பேச வேண்டாம்னு சொன்னேன். "பேச வேண்டாமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு முதல் கீமோ. வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துடுச்சு. இவர் வந்து கட்டில்ல உக்காந்தார். நடுவுல ஒரு தலையணை அளவு இடைவெளி. கையைக் கொடுத்தார். ஐஸ் மாதிரி இருந்துச்சு, மரக்கட்டை மாதிரி விறைப்பா. என்னைப் பாக்கல, சுவர்ல இருந்த காலண்டரைப் பாத்துட்டு இருந்தார். மேடம் சொன்னது ஞாபகம் வந்து, மணிக்கட்டுல விரலை வெச்சு எண்ணினேன். அழுதுட்டேதான். அரை நிமிஷத்துல 57. எனக்கு அழுகை நின்னே போச்சு. இவ்வளவு நாள் எதிர்ல நின்னது சும்மா நின்ன மனுஷன் இல்லை.

ஆறேழு நிமிஷம் இருந்திருப்பார். அப்புறம் "இருபது நிமிஷம்"னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போனார். பால்கனியில கொடிக் கம்பி சத்தம் கேட்டுச்சு. கடிகாரத்தைப் பாத்துட்டே படுத்திருந்தேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. மடிச்ச துணியோட வந்து, அதைக் கீழ வெச்சுட்டு, திரும்பவும் உக்காந்தார். இந்தத் தடவை கை கொஞ்சம் சூடா இருந்துச்சு.

மஞ்சள்வெயில், நீங்க கேட்டது என் மனசுலயும் இருக்கு. எனக்குக் கட்டிப் பிடிச்சுக்கணும், தலையைத் தடவிக் குடுக்கணும். அம்மா வந்தா அவங்க மடியில அதைக் கேட்டு வாங்கிக்கறேன். இவர்கிட்ட அது எப்பவாவது வருமான்னு தெரியல. ஆலோசனைக்குப் போலாமான்னு கேட்டதுக்கு "அப்பா ட்ரீட்மெண்ட் முடியட்டும்"னு சொல்லியிருக்கார். மறுக்கல, சரின்னும் சொல்லல.

கடைசிபெஞ்ச்

தங்கச்சி, உங்க பதிவை என் மனைவிகிட்ட காட்டினேன். என் பதிவையும். அந்த அரிசி மூட்டைக் கதை அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது. படிச்சுட்டு அழுதா. நான் பாத்திரம் கழுவப் போகல. கதவுகிட்ட நின்னேன். அவ்வளவுதான் முடிஞ்சுது.

பனங்கூடல்

நானும் நேற்று இரவு அவருக்கு அந்த றோட்டைப் பற்றிச் சொன்னனான். பாலம் வரைக்கும் சொன்னன். அதுக்கு மேல வாய் வரேல்லை. மிச்சத்தை அவர் கேட்கேல்லை, லைற்றை மட்டும் நூக்காமல் விட்டிட்டுப் பக்கத்தில இருந்தவர்.